படம் பிடிக்கும் முன்னே படம் பார்த்தல்



சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து சென்றால், பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள பெரிய உவர்நீர் ஏரி அதுவே. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளன. ஏரி பரந்ததேயன்றி ஆழமானதன்று. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். கரையோரக் குப்பங்களில் வாழும் மீனவர்கள் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றனர். அம்முறைக்குப் 'பாடு' என்று பெயர். பாட்டில் பங்கில்லாத மக்களும் அங்கு உண்டு. இருளர் குடும்பத்துப் பெண்கள் பலர், படகும் இன்றி வலையும் இன்றி, நீரில் இறங்கிக் குனிந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ள ஓலையால் முடைந்த பறி ஒன்று உண்டு. இரு கைகளுக்கும் வேலை இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தத் தொழிலைப் பற்றி இரண்டு நிமிடப் படம் ஒன்று எடுக்கவேண்டும் என்று என்னிடம் பயிலும் கல்லூரி மாணவர்கள் சிலர் விரும்பினர். இரண்டு நிமிடந்தானே என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். நீர் வற்றி நிற்கும் சில மணி நேரந்தான் அப்பெண்களுக்கு வேலை நேரம். அந்த நேரத்தில் காமிராவைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் நீரில் இறங்கினால், சேறு கலங்கும். இறால் விலகிப் போகும். "அம்மா, இன்னொரு முறை கையை விட்டுக் காட்டுங்கள்" என்று ஒவ்வொரு முறை நாம் கேட்கும்போதும் அவர்களுடைய பறியில் விழவேண்டிய இறால் குறைகிறது. சினிமா நடிகருக்கு மறுபடியும் நடிப்பதற்குச் சம்பளம் உண்டு. இவர்களுக்கு அன்றைய கூலியே இறால்தான். ஆகவே, ஏரிக்குள் இறங்குமுன்பே எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டா, எது எத்தனை விநாடி நிற்கவேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டியிருந்தது. அதற்காக நாங்கள் செய்த வேலையைப் பற்றியே இன்று உங்களிடம் பேசப்போகிறேன். திரைத்தொழிலில் அதற்கு 'அனிமேட்டிக்' என்று பெயர்.

கதையைப் பலகையில் சித்திரங்களாக ஒட்டிப் பார்ப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். சத்தியஜித் ராய் 1955-இல் வெளிவந்த தமது 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கு, முழுமையாக எழுதிய திரைக்கதைக்குப் பதிலாக ஒரு சித்திர நோட்டையே கையில் வைத்திருந்தார். ஆனால் சித்திரத்தில் ஒரு குறை உண்டு. ஒரு மரத்தை வரைந்தால் மரம் தெரியும். அந்த மரத்தை மூன்று விநாடி பார்ப்பதா, முப்பது விநாடி பார்ப்பதா என்பது தெரியாது. காலம் சித்திரத்துக்குள் இல்லை. அதை வெளியிலிருந்துதான் கொண்டுவரவேண்டும். 1930-களில் டிஸ்னி நிறுவனத்தார் ஸ்டோரிபோர்டுச் சித்திரங்களை வரிசையாகப் படச்சுருளில் ஏற்றி, ஒலியோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கலாயினர். அவர்களுக்கு அது வேண்டியதாகவே இருந்தது. கார்ட்டூன் படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் திரையில் ஓடுகின்றன. கையால் வரைந்து முடித்த பிறகு ஒரு காட்சியை வேண்டாமென்று எறிந்தால், பல நாள் உழைப்பையும் சேர்த்து எறிவதாகும். நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படக்காரரும், எங்களைப் போன்ற செய்திப்படக்காரரும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதே இந்த வித்தை.

இதில் முதற்படி சித்திரமன்று, ஒலி. பலருக்கு இது வியப்பாக இருக்கும். நம் சினிமாப் பாட்டு உருவாகும் விதத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கிவிடும். இசையமைப்பாளர் மெட்டை முதலில் போட்டுவிட்டு, சொல் இல்லாத இடத்தில் 'தன்னானே' என்று தத்தகாரம் பாடிக் காட்டுவார்; கவிஞர் அந்த அளவுக்குள் சொற்களை அமைப்பார். பிறகு யாரோ ஒருவர் 'டிராக்' பாடிவைப்பார். பெரிய பாடகர் வந்து பாடும்வரை அதுவே நின்று வேலை செய்யும். அனிமேட்டிக்குக்குரிய கச்சா ஒலியும் அத்தகைய தத்தகாரந்தான். அழகாக இருக்கவேண்டுவதில்லை. அளவு சரியாக இருந்தால் போதும்.

எங்கள் மாணவி ஒருத்தி உரையை எழுதி, தன் கைப்பேசியிலேயே வாசித்துப் பதிவு செய்தாள். சொற்களை எண்ணி நேரத்தைக் கணக்கிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தமிழில் அது அவ்வளவாகப் பயன்படாது. 'போய்' என்பதும் ஒரு சொல். 'எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதும் ஒரு சொல். ஆகவே, உரக்க வாசித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே நேரிய வழி. வாசிக்கும்போதும் மூச்சு விடும் இடங்களில் மூச்சு விடவேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தேர்வு மண்டபத்தில் ஒப்பிப்பதைப்போல வேகமாக வாசித்துவிடுவார்கள். அப்படிப் பதிவு செய்தால் பிற்பாடு எல்லாக் கணக்கும் தவறும். எனவே அந்தப் பெண்ணை மூன்றுமுறை வாசிக்கச் சொல்லி, மிக நிதானமாக இருந்ததையே எடுத்துக்கொண்டோம். நீரில் நடக்கும் ஒலிக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கையால் அலைத்துப் பதிவு செய்தோம். கரையில் இறால் நிறுக்கும்போது நடக்கும் பேச்சுக்கு மாணவர் இருவர் பேரம் பேசுவதுபோல் பேசினர். அவர்கள் கேட்ட விலை எந்தச் சந்தையிலும் கிடைக்காத விலை. ஆனாலும் பேரத்துக்கு எத்தனை விநாடி ஆகும் என்பது தெரிந்தது.

அடுத்தது சித்திரம். அஞ்சல் அட்டை அளவுள்ள தாள்களில் 14 சித்திரங்கள், வெறும் பென்சிலால். மனித உருவம் குச்சி உருவமாக இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் மூன்று செய்திகள் தெளிவாக இருக்கவேண்டும்: ஆள் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், எது அசைகிறது. அசைவுக்கு ஓர் அம்புக்குறி போட்டால் போதும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் இட்டு, ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, கணினியில் படத்தொகுப்புக்குரிய மென்பொருளில் வரிசையாக அடுக்கினோம். மிக நன்றாக வரையும் மாணவன் ஒருவன் நிழலெல்லாம் தீட்டிக் கொடுத்தான். அவனுடைய சித்திரங்களைச் சற்று அஞ்சியே பார்த்தேன். அழகாக வரைந்துவிட்ட தாளைக் கிழித்தெறிய மனம் வராது. இந்த வேலையிலோ பாதித் தாளையாவது கிழிக்கவேண்டி வரும்.

பிறகு இரண்டையும் சேர்ப்பது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒலியை மட்டும் ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்கவேண்டும். படம் மாறவேண்டும் என்று எந்த இடத்தில் மனம் சொல்கிறதோ அந்த இடத்தில் மேசையை ஒருமுறை தட்டவேண்டும். இன்னொருவர் அந்த விநாடியைக் குறித்துக்கொள்ளவேண்டும். மூன்றுமுறை இப்படிச் செய்து, மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாக வந்த இடங்களில் சித்திரத்தை மாற்றினோம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் என்பது கணக்கு. ஆதலால் 3 விநாடி நிற்கும் சித்திரம் 75 படங்களுக்குச் சமம். இந்த எண்ணிக்கையை முதலிலேயே சரியாக வைத்துக்கொண்டால், பிறகு உண்மையான காட்சி வந்ததும் சித்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதைப் பொருத்திவிடலாம்.

மாலைக்குள் இரண்டு நிமிட அனிமேட்டிக் ஆயத்தமாகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் ஓட்டினோம். ஒரு விதி மட்டும் வைத்திருந்தேன்: நடுவில் நிறுத்தக்கூடாது, யாரும் விளக்கம் சொல்லக்கூடாது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு சித்திரமும் நன்றாகவே தோன்றும்; நோய் ஓட்டத்தில்தான் தெரியும்.

நோய் தெரிந்தது. 5-ஆம் சித்திரம் நீருக்கடியில் கைகள் சேற்றைத் தடவுவதைக் காட்டிற்று. அதன்மேல் உரை, இறால் எப்படிப் பதுங்கும், விரல் எப்படி உணரும் என்றெல்லாம் 20 விநாடி ஓடிற்று. 6-ஆம் சித்திரத்தில், உள்ளங்கையில் இறால். அதற்கு 2 விநாடி. எழுதும்போது இப்பகுதியே உரையின் சிறந்த பகுதியாக இருந்தது. சுவரில் பார்த்தபோதோ, பத்தாவது விநாடிக்குமேல் நாற்காலிகள் கிறீச்சிட்டன. அனிமேட்டிக் ஓடும்போது திரையைப் பார்ப்பதைவிடப் பார்ப்பவர்களைப் பார்ப்பது நல்லது. நாற்காலி அசைவதும், தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடுவதும் எந்த விமரிசனத்தையும்விட நேர்மையான சாட்சிகள்.

அந்தச் சித்திரத்தைக் கையில் எடுத்து நான் கேட்ட கேள்வி இது: "காமிரா எங்கே நிற்கிறது?" மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஏரியின் நீர் கலங்கல். நடந்தாலே சேறு கிளம்பும். நீருக்கடியில் காமிராவை வைத்தாலும் பழுப்பு நிறந்தவிர வேறொன்றும் தெரியாது. பென்சிலுக்குக் கலங்கல் நீர் ஒரு தடையன்று. அது எந்த இடத்துக்குள்ளும் புகுந்துவிடும். காமிராவால் அப்படிப் புக முடியாது. ஸ்டோரிபோர்டு பொய் சொல்லும் இடம் இதுவே. ஒவ்வொரு சித்திரத்தின் பின்புறத்திலும் காமிரா நிற்கும் இடத்தை எழுதிவைப்பது இப்பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி. எழுத முடியாத சித்திரத்தைப் படமாகவும் எடுக்க முடியாது.

கைகளைக் காட்ட முடியாதென்றால் எதைக் காட்டுவது? முகத்தை என்றாள், உரை வாசித்த அதே மாணவி. கைகள் வேலை செய்யும்போது கண்களுக்கு வேலையில்லை. அவை எங்கோ தொலைவில் நிலைத்திருக்கும். பற்கள் பறியைக் கடித்திருக்கும். விரல் நுனியில் நடப்பதை முகத்தில் படிக்கலாம். 5-ஆம் சித்திரத்தை எடுத்துவிட்டு, முகத்துக்கு ஒரு சித்திரம் வரைந்தோம். உரையை 8 விநாடிக்குச் சுருக்கினோம். எஞ்சிய 12 விநாடிக்கு உரை இல்லை. குனிந்த முதுகும், சுற்றிலும் நீரும், வாளித் தண்ணீரின் ஒலியும் மட்டுமே. கடைசி 2 விநாடி, முன்போலவே உள்ளங்கையில் இறால். ஆக 22 விநாடி அப்படியே நின்றது.

அந்த 12 விநாடி மௌனத்தைச் சுவரில் பார்த்த மாணவர்கள், மிக நீளம், ஐந்தாகக் குறைத்துவிடலாம் என்றனர். இங்கேதான் அனிமேட்டிக்கை அப்படியே நம்பக்கூடாது. அசையாத சித்திரம் எப்போதும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும். சித்திரத்தில் நாம் பார்க்கவேண்டியதை இரண்டு விநாடியில் பார்த்து முடித்துவிடுகிறோம். ஓடும் நீரையோ, மூச்சு விடும் முதுகையோ அப்படிப் பார்த்து முடிக்க இயலாது. ஆகவே அசைவே உயிராக உள்ள காட்சிகளைச் சித்திரத்தைக் கொண்டு வெட்டுதல் ஆபத்து. அதற்கு மாற்று உண்டு: வேறிடத்து அசைவைக் கடன் வாங்குவது. 1977-இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்வெளிப் போர்க்காட்சிகளுக்கு, ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப்போர் பற்றிய பழைய படங்களிலிருந்து விமானச் சண்டைக் காட்சிகளை எடுத்துத் தொகுத்துவைத்தார். பிறகு அந்த அளவுக்கேற்ப விண்கலங்களைப் படமாக்கினர். எங்களிடம் போர்விமானம் இல்லை. முன்பு ஏரியைப் பார்க்கப் போனபோது ஒரு மாணவன் கைப்பேசியில் எடுத்த அலைக்காட்சி இருந்தது. அதை அந்த 12 விநாடியில் வைத்து ஓட்டினோம். நாற்காலி ஒன்றும் அசையவில்லை.

இதற்கு நேர்மாறான குறை கடைசிப் பகுதியில் இருந்தது. கரையில் இறால் நிறுக்கும் 9 விநாடியில் ஐந்து சித்திரங்கள்: தராசு, வியாபாரியின் கை, பெண்ணின் முகம், தராசு முள், காசு. வரைந்தவர்களுக்கு ஒவ்வொன்றும் தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் தங்காது. அன்று பிடித்தது எவ்வளவு என்று முள் காட்டுவதுதானே அந்தப் பகுதியின் பொருள்? எழுத்தையும் எண்ணையும் திரையில் வைத்தால், அதை நீங்களே வாய்விட்டு இரண்டுமுறை படிக்கும் நேரம் அது நிற்கவேண்டும் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. மூன்று சித்திரங்களை எடுத்துவிட்டு, தராசுத் தட்டுக்கு 4 விநாடியும் முள்ளுக்கு 5 விநாடியும் கொடுத்தோம்.

இப்போது நாங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். எல்லாப் படக்காரரும் இதைச் செய்வதில்லை. திருத்திய அனிமேட்டிக்கை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குச் சென்று, ஒரு திண்ணையில் மடிக்கணினியை வைத்து, இறால் பிடிக்கும் பெண்களுக்கே போட்டுக் காட்டினோம். குச்சி உருவங்களைக் கண்டு முதலில் நன்றாகச் சிரித்தார்கள். இரண்டாம்முறை ஓட்டியபோது சிரிப்பு நின்றது. வயதில் மூத்த ஓர் அம்மையார் மாணவியைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, உங்க படத்துல கையை விட்டதும் இறால் வந்துடுதே! அந்தத் தண்ணி எங்கம்மா இருக்கு? எங்களையும் அங்க கூட்டிக்கிட்டுப் போ."

எல்லோரும் மீண்டும் சிரித்தனர். ஆனால் அவர் சொன்னது படத்தின் உயிர்நாடியைத் தொட்டது. எத்தனையோ முறை வெறுங்கை வந்த பிறகே ஒரு முறை இறால் வருகிறது. நாங்கள் அந்த வெறுங்கையைக் காட்டவே இல்லை. இன்னொரு பெண், "வேலையில இருக்கறப்ப யாரு பேசுவா? வாயில பறி இருக்குதே" என்றார். நாங்கள் கச்சா ஒலியில் பின்னணியாகப் பெண்கள் பேசிக்கொள்ளும் ஒலியைச் சேர்த்திருந்தோம். அதை அங்கேயே நீக்கினோம். மௌனத்துக்குரிய 12 விநாடியில் 6 விநாடியை எடுத்து, வெறுங்கை நீரிலிருந்து வெளிவருவதற்கு 3 விநாடி, மறுபடியும் வெறுங்கைக்கு 3 விநாடி என்று கொடுத்தோம். அதன்பின் இறாலுக்கு அதே 2 விநாடி. 22 விநாடிக்குள்ளேயே கதை வேறாகிவிட்டது. முன்பு இறால் என்பது ஒரு பொருள். இப்போது அது ஒரு பேறு. நீக்கியவையும் சேர்த்தவையும் போக, சித்திரங்களின் எண்ணிக்கை மறுபடியும் பதினான்காகவே நின்றது.

படப்பிடிப்பு நாளுக்கு இதனால் விளைந்த பயன் யாது? பதினான்கில் எட்டுக் காட்சிகளைக் கரையிலும் பாதையிலும் எடுத்துவிடலாம். அதற்கு எவருடைய வேலையும் கெடவேண்டுவதில்லை. எஞ்சிய ஆறும் நீரில் நிகழ்பவை. அவற்றுள்ளும் முதுகும் நீரும் தெரியும் காட்சி போன்றவற்றைத் தொலைவுக் காட்சிக்குரிய லென்ஸ் கொண்டு கரையிலிருந்தே பிடிக்கலாம். முகமும் கையுந்தான் அருகில் நின்று பிடிக்கவேண்டியவை. ஆகவே நான்கு பேர் இறங்கவேண்டிய நீரில், காமிராவோடு ஒருவர் மட்டும், பெண்கள் தடவி முடித்துக் கடந்துவந்த பக்கமாக நின்றார். எவரையும் எதையும் மறுபடி செய்யச் சொல்லவில்லை. வெறுங்கை வரும் காட்சிக்கு யாரை நடிக்கச் சொல்வது? அது தானாகவே திரும்பத் திரும்ப வந்தது. இறால் வரும் காட்சிக்குத்தான் காமிரா காத்திருக்க நேர்ந்தது. அந்த அம்மையார் சொன்னது எவ்வளவு உண்மையென்று அப்போது காமிராக்காரருக்கும் விளங்கியது.

படத்தொகுப்பின்போது சித்திரங்கள் ஒவ்வொன்றாக விலகி, உண்மைக் காட்சிகள் அந்தந்த இடத்தில் அமர்ந்தன. எல்லாம் அளவு மாறாமல் அமர்ந்தன என்று சொல்லமாட்டேன். உரையை மாணவியின் குரலில் விடாமல், அந்தக் குப்பத்துப் பெண் ஒருவரே தம் பேச்சில் சொல்லட்டும் என்று முடிவு செய்தோம். 8 விநாடி உரையை அவர் சொல்ல 11 விநாடி ஆயிற்று. வேகப்படுத்தச் சொல்லலாகாது, அவருடைய பேச்சின் நடையே அது. முகக்காட்சி 3 விநாடி நீண்டது. கணக்குச் சரியாவதற்குத் தொடக்கத்தில் ஏரியைக் காட்டும் காட்சியில் 3 விநாடியைக் குறைத்தோம். அதற்கும் ஓர் எதிர்ப்பு எழுந்தது. பல நாளாக மாணவியின் குரலையே கேட்டுக் கேட்டு, மாணவர்களுக்கு அதுவே படத்தின் குரலாகிவிட்டது. புதுக்குரல் காதில் ஒட்டவில்லை என்றனர். கச்சா ஒலியில் எப்போதும் உள்ள தொல்லை இது. நான் அவர்களிடம் வாதிடவில்லை. இரண்டு நாள் பழைய ஒலியைப் பூட்டிவைத்துவிட்டு, மூன்றாம் நாள் புதுக்குரலோடு மட்டும் படத்தை ஓட்டினேன். பழையதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.